"நோய் கட்டுப்பாட்டில் உள்ளது": ஒரு வரியால் நின்றுபோகும் உதவித்தொகை

1/
மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, பல வருஷமா இருக்கிற ஒருத்தருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது டாக்டர் எழுதித் தரும் சான்று பற்றிய இழை இது. கொஞ்சம் நீளம். வீட்டில் இப்படி ஒருத்தரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும், என்னைப் போல அரசு ஆஸ்பத்திரியில் ஓபி பார்க்கும் டாக்டர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

2/
முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து தாலுகா ஆஸ்பத்திரியில் பொது மருத்துவராக இருக்கிறேன். மனநல மருத்துவர் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றில் சதவீதம் போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அது மனநல மருத்துவர் இருக்கும் குழுவின் வேலை.

ஆனா அந்தக் குழுவுக்கு முன்னால் நோயாளி போய் நிற்கும்போது அவர் கையில் இருக்கும் காகிதம் எங்களுடையது. ஓபி நோட்டு, மருந்துச் சீட்டு, "இவர் எங்களிடம் சிகிச்சை பெறுகிறார்" என்ற கடிதம். நான் பேசப்போவது அந்தக் காகிதத்தைப் பற்றி.

3/
என் கருத்தை நேராகவே சொல்கிறேன்.

தகுதி இருந்தும் இந்த நோயாளிகளில் பலர் தட்டிக்கழிக்கப்படக் காரணம் குழுவின் கல்மனசு இல்லை. அவர்கள் கொண்டுபோகும் காகிதம் நோயைப் பற்றிப் பேசுகிறது, முடியாமையைப் பற்றிப் பேசுவதில்லை. சான்றில் அளக்கப்படுவது முடியாமை. இரண்டும் ஒன்று இல்லை.

4/
இதைப் புரிந்துகொள்ள நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரியணும்.

மனச்சிதைவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், தனியாகப் பேசுவது, கோபம். இவற்றை நேர்நிலை அறிகுறிகள் என்கிறோம். இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்வது. மருந்து பெரும்பாலும் இவற்றைத்தான் நன்றாக அடக்கும்.

5/
இன்னொரு பக்கம் இருக்கு. இருந்த ஒன்று காணாமல் போவது. முகத்தில் உணர்ச்சி குறையும். பேச்சு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாகச் சுருங்கும். எழுந்து ஒரு வேலையைத் தொடங்கணும் என்ற உந்துதலே இருக்காது. யாரோடும் சேரத் தோன்றாது. இவை எதிர்நிலை அறிகுறிகள். கவனம், ஞாபகம், ஒரு வேலையை வரிசையாகத் திட்டமிட்டுச் செய்வது, இவையும் இதோடு சேர்ந்து குறையும்.

இந்தப் பக்கத்துக்கு இன்றைய மருந்துகள் அவ்வளவாக உதவுவதில்லை. ஒருத்தர் வேலைக்குப் போக முடியாமல் வருஷக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

6/
சிக்கல் இங்கேதான் தொடங்குது. எதிர்நிலை அறிகுறி உள்ளவர் ஓபியில் எப்படி இருப்பார்? அமைதியாக வருவார். சொன்ன இடத்தில் உட்காருவார். கேட்டதுக்கு "ம்" என்பார். "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்பார்.

தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருப்பது இந்த நோயின் ஒரு பகுதி. அவர் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது.

7/
கூட வந்த அம்மா என்ன சொல்வார்? "நல்ல பிள்ளை சார். முன்ன மாதிரி இல்ல. இப்ப ஒரு தொந்தரவும் கிடையாது."

பத்து வருஷம் முன்னாடி ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு ஓடின பிள்ளை, இன்று மூலையில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாய்க்கு அது நிம்மதிதான். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனா "தொந்தரவு இல்லை" என்பது வேறு, "முடியாமை இல்லை" என்பது வேறு. காகிதத்தில் முதலாவது ஏறும்போது, படிப்பவருக்கு இரண்டாவதாகத்தான் தெரியும்.

8/
அடுத்து ஓபி நோட்டு. 200 பேர் வரிசையில் நிற்கும் ஓபியில், நிலையாக இருக்கும் மனநோயாளிக்கு எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டே வரி: "புதிய தொந்தரவு எதுவும் இல்லை. அதே மருந்து, 30 நாள்."

மாதாமாதம் இதே வரி, மூணு வருஷத்துக்கு 36 தடவை. மருந்து கொடுப்பதற்கு இது போதும். ஆனா குழுவில் இருப்பவர் அந்த நோட்டைப் புரட்டும்போது அதில் ஆரோக்கியமான ஒரு மனுஷன்தான் தெரிவார். நோயாளிக்கு எதிராக நாமே 36 சாட்சி எழுதி வைத்திருக்கிறோம்.

9/
சரி, குழு எப்படி அளக்கிறது?

மனநோய்க்கு நம் நாட்டில் பயன்படும் அளவுகோலின் பெயர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. இதில் குரல் கேட்கிறதா, சந்தேகம் இருக்கிறதா என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. நான்கு விஷயங்களைத்தான் பார்ப்பார்கள்.

தன்னைத் தானே பார்த்துக்கொள்வது.
மற்றவர்களோடு பழகுவது.
பேசுவதும் புரிந்துகொள்வதும்.
வேலை.

10/
ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமமே இல்லை என்றால் 0. லேசானது 1, நடுத்தரம் 2, கடுமை 3, முழுமையாக முடியவில்லை என்றால் 4.

இதோடு ஐந்தாவதாக ஒன்று சேரும். நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பது. 2 வருஷத்துக்குக் குறைவு என்றால் 1, 2 முதல் 5 வருஷம் 2, 6 முதல் 10 வருஷம் 3, 10 வருஷத்துக்கு மேல் 4.

எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 20.

11/
கூட்டுத்தொகை 7 வரை இருந்தால் லேசான பாதிப்பு, 40 சதவீதத்துக்குக் கீழே. 8 முதல் 13 வரை 40 முதல் 70 சதவீதம். 14 முதல் 19 வரை 71 முதல் 99 சதவீதம். 20 என்றால் 100.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம்தான் முக்கியமான கோடு. ஆக, 7-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும் ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் நிற்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

12/
இப்போ ஒரு உதாரணம். பலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

வயது 41. ஆண். திருமணம் ஆகவில்லை. 68 வயது அம்மாவோடு இருக்கிறார். எங்களிடம் மூணு வருஷமாக வருகிறார். மாதம் ஒருமுறை ஃப்ளூபெனசின் ஊசி, தினமும் ரிஸ்பெரிடோன் மாத்திரை, கூடவே கை நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. ஊசிக்கு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

13/
இவர் கையில் இருந்த பழைய கடிதத்தின் சாரம் இது:

"மேற்படி நபர் மனச்சிதைவு நோய்க்காக கடந்த மூன்று ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறார். தற்போது நோய் கட்டுப்பாட்டில் உள்ளது. அவருக்கு உதவித்தொகை கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம்தான். ஆனா இந்தக் கடிதம் அவரைக் கைவிட்டுவிடும். எப்படி என்று பாருங்கள்.

14/
குழுவில் பத்து நிமிஷம். சட்டை சுத்தமாக இருக்கிறது, அன்றைக்கு அம்மா போட்டுவிட்டது. அதனால் தன்னைப் பார்த்துக்கொள்வது: 1. கேட்டால் பதில் சொல்கிறார். பழகுவது: 1, பேச்சு: 1. "வீட்டில் ஏதாவது செய்வாரா?" "கடைக்குப் போவான் சார்." வேலை: 2.

மொத்தம் 5. கடிதப்படி மூணு வருஷம், அதற்கு 2. ஆக 7.

40-க்குக் கீழே. கோப்பு அங்கேயே முடிந்தது.

15/
இதில் முதலில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. அளவுகோல் கேட்பது நோய் தொடங்கி எத்தனை வருஷம் என்று. நம்ம ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டு எத்தனை வருஷம் என்று இல்லை.

இவருக்கு நோய் தொடங்கியது 22 வயதில். 19 வருஷம் ஆகிறது. முதலில் கோயில் கோயிலாகச் சுற்றினார்கள், பிறகு ஒரு தனியார் டாக்டர், பிறகு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கடைசியில்தான் எங்களிடம். காலத்துக்கு 2 இல்லை, 4. மற்ற மதிப்பெண்கள் அப்படியே இருந்தாலும் இந்த ஒரு திருத்தத்தில் 7 என்பது 9 ஆகிறது. கோட்டைத் தாண்டிவிட்டார்.

16/
பழைய சீட்டு மழையில் போச்சு, வீடு மாறும்போது தொலைஞ்சுது என்பார்கள். பரவாயில்லை, ஆதாரம் வேறு இடத்தில் கிடைக்கும். மருத்துவக் கல்லூரியில் உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கேட்கலாம். பழைய மருந்துச் சீட்டு ஒன்று டிரங்க் பெட்டியில் கிடக்கும். வேலையை விட்டு நின்ற வருஷம், படிப்பை நிறுத்திய வருஷம் குடும்பத்துக்குத் தெரியும்.

எதுவுமே இல்லையென்றால் டாக்டர் மறைக்காமல் எழுதலாம்: "தாயார் கூற்றுப்படி 19 ஆண்டுகளாக, எங்கள் பதிவின்படி 3 ஆண்டுகள்." யார் சொன்னது என்று தெளிவாக இருந்தால் குழு அதை எடைபோட்டுக்கொள்ளும். எழுதாமலே விட்டால் எடைபோட எதுவுமே இருக்காது.

17/
அடுத்தது கேள்வி கேட்கும் விதம். "குளிப்பாரா?" என்று கேட்டால் "குளிப்பார்" என்றுதான் பதில் வரும். "சாப்பிடுவாரா?" "சாப்பிடுவார்." இப்படி ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் முடியாமை தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க." பிறகு ஒவ்வொன்றிலும், "நீங்க சொல்லாம இருந்தா அவரே செஞ்சிருப்பாரா?"

18/
அந்த அம்மா சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது.

"காலைல ஏழுக்கு நான்தான் எழுப்புவேன் சார். எழுப்பலேன்னா படுத்தே இருப்பான். தண்ணி காய வெச்சு நாலஞ்சு தடவ கூப்பிடணும். வாரத்துல ரெண்டு மூணு நாள் குளிப்பான். சோப்பை எடுத்துக் கைல குடுக்கணும். சட்டை நான் எடுத்து வெக்கலேன்னா அதையேதான் போடுவான். தட்டுல போட்டுக் குடுத்தா சாப்பிடுவான். நான் இல்லேன்னா அடுப்பாங்கரையில சோறு இருந்தாலும் எடுத்துச் சாப்பிட மாட்டான். மாத்திரையைக் கைல வெச்சு, முழுங்குற வரைக்கும் நிப்பேன்."

"குளிப்பார்" என்ற ஒரு வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கு. கழிவறைக்குத் தானே போகிறார், தானே சாப்பிடுகிறார். அதனால் 4 இல்லை. ஆனா 1-ம் இல்லை. இது 2.

19/
பழகுவது? "விருந்தாளி வந்தா பின்கட்டுக்குப் போயிடுவான். தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வரல. சேக்காளின்னு யாரும் இல்ல. எங்கிட்ட மட்டும் பசிக்குதும்பான்." இது 3.

பேச்சும் புரிதலும்? கடைக்குப் போவார் என்றார்களே, அதைக் கொஞ்சம் கிளறினால்: "ஒரே கடை சார், தெருமுனைல. ஒரு சாமான் சொன்னா வாங்கியாருவான். ரெண்டு சொன்னா ஒண்ணு மறந்துடும். மீதிக் காசு எவ்வளவுன்னு தெரியாது, கடைக்காரர் நல்லவரு, மடிச்சுக் குடுத்துடுவாரு." இது 2.

20/
வேலை? நோய் வருவதற்கு முன் அச்சகத்தில் இருந்தார். நோய் வந்தபின் மூன்று இடத்தில் சேர்த்துவிட்டுப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு டீக்கடையில் நான்கு நாள். டம்ளர் கழுவச் சொன்னால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார் என்று அனுப்பிவிட்டார்கள். அதுவும் ஒன்பது வருஷம் முன்னாடி. அதன்பின் வருமானம் தரும் வேலை எதுவும் இல்லை. வீட்டு வேலையிலும் பங்கு இல்லை. இது 4.

2, 3, 2, 4. மொத்தம் 11. காலத்துக்கு 4. ஆக 15.

அதே மனுஷன். அதே நோய். 7 எங்கே, 15 எங்கே. இடையில் மாறியது கேள்விகள் மட்டும்தான்.

21/
இந்த மதிப்பெண்களை நான் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதக் கூடாது. மதிப்பெண் போடுவது குழு. நான் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவது என் வேலை. 15-ஐ நான் மனசில் கணக்குப் போட்டுப் பார்ப்பது, எந்த விவரம் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

22/
புதிய கடிதம் இப்படி அமையும். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவோம். தமிழில் சொன்னால்:

"இவருக்கு நாள்பட்ட மனச்சிதைவு நோய். 22 வயதில் தொடங்கியதாகத் தாயார் கூறுகிறார். மருத்துவக் கல்லூரி டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைப்பு. எங்களிடம் 3 ஆண்டுகளாக மாதாந்திர ஊசியும் மாத்திரைகளும் தவறாமல் பெறுகிறார். குரல் கேட்பதும் சந்தேகமும் தற்போது குறைந்துள்ளன. ஆனால் உந்துதல் இன்மை, பேச்சுக் குறைவு, ஒதுங்கியிருத்தல் ஆகியவை முறையான சிகிச்சைக்குப் பிறகும் தொடர்கின்றன."

23/
"கடந்த ஒரு மாத நிலை, தாயாரிடமும் நோயாளியிடமும் தனித்தனியாகக் கேட்டது: பலமுறை சொன்னால் மட்டும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் குளிக்கிறார். உணவை எடுத்துக் கொடுக்க வேண்டும். மருந்தைத் தாயார் கையில் கொடுத்து விழுங்கும் வரை உடனிருக்கிறார். தாயாரைத் தவிர யாரோடும் பேசுவதில்லை. ஒரு பொருள் மட்டும் கடையில் வாங்குவார், மீதிப் பணம் எண்ணத் தெரியவில்லை. நோய்க்குப் பின் மூன்று வேலைகளில் சேர்ந்து நிலைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக வேலை இல்லை. கழிவறை செல்லுதல், உண்ணுதல் ஆகியவற்றைத் தானே செய்கிறார். மாற்றுத்திறன் மதிப்பீட்டுக்காக அனுப்பப்படுகிறார்."

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை.

24/
இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, "கட்டுப்பாட்டில் உள்ளது" என்ற வரி இல்லை. எது குறைந்தது, எது குறையவில்லை என்று பிரித்து எழுதியிருக்கு.

இரண்டு, "தவறாமல் மருந்து எடுத்தும்" என்பது தெளிவாக இருக்கு. இல்லையென்றால் "மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடுமே" என்ற கேள்வி வரும்.

மூன்று, அவரால் முடிவதும் எழுதப்பட்டிருக்கு.

25/
முடிவதை ஏன் எழுதணும்? அதுதானே சதவீதத்தைக் குறைக்கும்?

உண்மை என்பதால் எழுதணும். அதோடு, முடிவதைச் சொல்லும் கடிதத்தைத்தான் குழு நம்பும். "எல்லாவற்றுக்கும் பிறரையே சார்ந்திருக்கிறார்" என்று நான் எழுதி அனுப்பி, அவர் தானாக நடந்து உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கடிதத்தின் மற்ற வரிகளும் பொய்யாகிவிடும். அடுத்த மாதம் நான் அனுப்பும் இன்னொருத்தரின் கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

"கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கூட்ட வேண்டியதில்லை. உள்ளதை முழுசாக எழுதினாலே பெரும்பாலும் போதும். முழுசாக எழுதியும் கோட்டுக்குக் கீழே வருபவருக்கு அந்தச் சான்று கிடையாது. அதை நேராகச் சொல்லிவிடுவதும் டாக்டர் வேலைதான்.

26/
பெண் நோயாளிகள் விஷயத்தில் வேலைக்கான மதிப்பெண் பெரும்பாலும் தப்பாகப் போகும். "வீட்டுல இருக்காங்க, சமைப்பாங்க" என்றதும் 0 அல்லது 1.

ஆனா இந்த அளவுகோலில் வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. வீட்டை நடத்துபவருக்கு வீட்டு வேலை, படிப்பவருக்குப் படிப்பு என்று தனியாகப் பார்க்கச் சொல்கிறது. "சமைப்பாரா?" என்று கேட்காமல், "உலை வெச்சுட்டு மறந்து போறாங்களா? அடுப்பை யார் அணைக்கிறாங்க? குழந்தையை ஸ்கூலுக்கு யார் கிளப்பி விடுறாங்க? ஒரு நாள் சமையலை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் தனியா செய்ய முடியுதா?" என்று கேட்டால் மாமியாரோ மூத்த மகளோ பாதி வேலையைச் சுமப்பது தெரியவரும்.

27/
எப்போது மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். நோய் முற்றி, சத்தம் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் வாரத்தில் அளந்தால் எல்லாமே 4 ஆகத் தெரியும். அது அவருடைய வழக்கமான நிலை இல்லை. புது மருந்து தொடங்கின சில வாரங்களில் தூக்க மயக்கம் இருக்கும், அதுவும் சரியான நேரம் இல்லை. மருந்து ஒரே அளவில் சில மாதம் ஓடி, நிலை ஓரளவு சமமாக இருக்கும்போது அனுப்பினால் மதிப்பீடு நிற்கும்.

28/
பயம் பற்றி ஒன்று. "இந்தச் சான்று வாங்கினா புத்தி சுவாதீனம் இல்லாதவன்னு முத்திரை விழுமா? சொத்தை எழுதி வாங்கிடுவாங்களா?" என்று அண்ணன் தம்பிகள் கேட்பார்கள்.

இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருத்தரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ள முடியாது. அதற்கு நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். டாக்டர்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட வார்த்தைகளை எழுதுவது அதனால்தான் தப்பு. உதவித்தொகைக்கு அந்த வார்த்தை தேவையே இல்லை. பின்னாளில் வங்கிக் கணக்கு, பாகப்பிரிவினை என்று வரும்போது அது அவருக்கு எதிராகத் திரும்பலாம்.

அதே மாதிரி, நோயாளியிடம் சொல்லாமல், அவர் சம்மதம் கேட்காமல் விண்ணப்பிக்கவும் கூடாது. "நல்லா இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்பவரிடம், "உங்க பேர்ல மாசம் பணம் வரும், வீட்டுச் செலவுக்கு உதவும்" என்று சொன்னால் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

29/
நடைமுறை சுருக்கமாக. விண்ணப்பம் swavlambancard.gov.in என்ற இணையதளத்தில். ஆதார், புகைப்படம், சிகிச்சைக் காகிதங்கள் வேண்டும். முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, அவரை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சான்று கிடைத்தாலே பணம் வந்துவிடாது. உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கணும். வயது, வருமானம், சதவீதம் எல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உதாரணமாக, மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 80 சதவீதம் கேட்கிறது. 40 தாண்டியவர் எல்லாவற்றுக்கும் தகுதி ஆகிவிட மாட்டார்.

30/
சான்றில் "நிரந்தரம்" என்று இருக்கிறதா, இல்லை செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்று வாங்கின அன்றே பாருங்கள். மாற வாய்ப்பு உள்ள நிலைக்குத் தேதி போடுவார்கள், மனநோய்க்கு இது சகஜம். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மறுமதிப்பீட்டுக்குக் கிளம்பணும். பணம் நின்ற பிறகு ஓடுவதைவிட அது எளிது.

31/
குடும்பத்தினருக்கு: குழுவுக்குப் போகும் முன் ஒரு தாளில் நேற்றைய நாளை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை கூப்பிட்டீர்கள், எதை எடுத்துக் கொடுத்தீர்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் என்ன ஆச்சு. அவரோடு தினமும் இருப்பவரே கூட வரணும். வெளியூரில் இருக்கும் படித்த அண்ணன் வந்தால் ஃபாரம் நன்றாக நிரப்புவார், ஆனா சோப்பை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்குப் பிரத்யேகமாகக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு அழைத்து வந்தால், அதையும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். மகனை விட்டுக்கொடுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம்.

32/
சக டாக்டர்களுக்கு: கடிதம் கேட்டு வரும் அன்று உட்கார்ந்து இதையெல்லாம் கேட்க ஓபியில் நேரம் இருக்காது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "அதே மருந்து" என்பதற்கு மேலே நான்கே வரி எழுதுங்கள். குளியல், பழக்கம், பேச்சு, வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நோட்டின் முதல் பக்கத்தில் நோய் தொடங்கிய வருஷத்தை ஒருமுறை எழுதிவிடுங்கள். சான்று கேட்கும் நாளில் கடிதம் ஏற்கெனவே நோட்டில் தயாராக இருக்கும். தேதி போட்ட நான்கு பழைய குறிப்புகள், அன்றைக்கு எழுதின ஒரு நீளமான கடிதத்தைவிடக் குழுவுக்கு நம்பகமானவை.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். நோயாளியின் பெயரையோ சீட்டின் படத்தையோ பொதுவில் போட வேண்டாம்.